வேலை இல்லை என்று வந்த மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது?

"அக்கா, எச்என்டிஏ முடித்துவிட்டு ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கம்பனியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை, வருந்துகிறோம் என்று இரண்டு வரி மெயில் மட்டும் வந்தது. அன்றிரவே, 'எல்லாத் தகுதியும் இருந்தும் என்னை ஏன் தெரிவு செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும்' என்று எழுதினேன். ஐந்து நாளாகப் பதில் இல்லை. திரும்பக் கேட்கலாமா? பதில் வந்தாலும் அதை வைத்து என்ன செய்வது?"
— கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கை

தங்கச்சி, கேட்கலாம். ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் வேறு விதமாக.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில் 'தயவுசெய்து' இருக்கிறது, 'அறியத்தரவும்' இருக்கிறது, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பிழை 'இருந்தும்' என்ற சொல்லில் இருக்கிறது. எல்லாத் தகுதியும் இருந்தும் எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எடுத்தவர் பிழை விட்டார் என்று அர்த்தம். நீங்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள், ஆனால் வாசிக்கிறவருக்கு அது அப்படித்தான் கேட்கும். பிறகு 'ஏன்'. ஏன் என்று கேட்டால் அவர் தன் முடிவுக்கு நியாயம் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பது வருடம் ஆட்சேர்ப்பு வேலை பார்த்தேன், அதில் பாதிக் காலம் கிளிநொச்சியில். இப்படி ஒரு மெயில் வந்தால் உள்ளுக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மனிதவளப் பிரிவில் இருக்கிற பிள்ளை அதை முகாமையாளருக்கு அனுப்பும். முகாமையாளர் ஒரு தடவை பார்த்துவிட்டு "விடுங்கோ, இதுக்குப் பதில் போட்டால் அதுக்கும் ஒரு கடிதம் வரும்" என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தனியார் கம்பனி காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, எழுத்தில் கொடுத்த காரணம் நாளைக்குத் தனக்கு எதிராகவே திரும்பி வரலாம் என்ற பயம் அவருக்கு உண்டு, பேசாமல் இருந்தால் ஒரு நட்டமும் இல்லை. நானும் இருபத்துநாலு வயதில் கொழும்பில் ஒரு கம்பனிக்கு உங்களுடையதைவிட மோசமாக ஒன்று எழுதினேன், அதில் என் உயர்தரப் பெறுபேறு முழுக்க இருந்தது. மூன்று மாதத்தில் அதே கம்பனி இன்னொரு வேலைக்கு விளம்பரம் போட்டது, வெட்கத்தில் நான் விண்ணப்பிக்கவே இல்லை. நட்டம் எனக்குத்தான்.

சரி, எப்படிக் கேட்பது? உங்களை அவர்கள் நேரில் கண்டதே இல்லை. கண்டது உங்கள் கடிதத்தையும் சிவியையும் மட்டும்தான். அப்படியென்றால் அந்தத் தாள்களைப் பற்றி மட்டும் கேளுங்கள், முடிவைப் பற்றிக் கேட்க வேண்டாம். முடிவை ஏற்றுக்கொண்டதாக முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் வாசிக்கிறவரின் தோள் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்கக்கூடியதாக. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். கணக்கு உதவியாளர் பதவிக்கான முடிவை அறியத் தந்ததற்கு நன்றி. முடிவை ஏற்றுக்கொள்கிறேன். இதற்கு முன் நான் அனுப்பிய மெயில் அவசரத்தில் எழுதியது, அதற்கு வருந்துகிறேன். இதே வகையான வேலைகளுக்குத் தொடர்ந்து விண்ணப்பிக்க இருப்பதால் ஒரு சிறு உதவி கேட்கிறேன்: என் விண்ணப்பக் கடிதத்தில் இந்த வேலைக்குத் தேவையான எந்த விடயம் தெளிவில்லாமல் இருந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அடுத்த கடிதத்தைத் திருத்திக்கொள்வேன். நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. நன்றி."

அவ்வளவுதான். நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசை, இதே நீளம். மன்னிப்பு ஒரு வசனத்துக்கு மேல் போகக்கூடாது, நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம். 'அடுத்த முறை வெற்றிடம் வந்தால் என்னை நினைவில் வைக்கவும்' என்பதை இதிலேயே செருக வேண்டாம். அது இரண்டாவது வேண்டுகோள், அதைக் கண்டதும் முதல் வேண்டுகோள் சாட்டுப் போலத் தெரியும். நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்பதைச் சும்மா பணிவுக்காகப் போடவில்லை. கதவைத் திறந்து விட்டால்தான் ஆள் உள்ளே நின்று கதைப்பார்.

புது மெயிலாக அனுப்பாமல், வருந்துகிறோம் என்று வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். எந்தப் பதவி, எந்தத் திகதி என்று அவர் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பணிப்பாளருக்குப் பிரதி போட வேண்டாம். வழமையாக நான் சொல்வது, முடிவு வந்து இரண்டு மூன்று நாள் கழித்து எழுதுங்கள், ஒரு கிழமையைத் தாண்ட விடாதீர்கள் என்றுதான். அன்றிரவு எழுதினால் கோபம் எழுதும், ஒரு மாதம் கழித்து எழுதினால் உங்கள் விண்ணப்பத்தின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பு எந்தக் கோவைக்குள் போனது என்று அவருக்கே தெரியாது. உங்களுக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது, நாளைக் காலையே அனுப்பலாம். பத்து நாள் பாருங்கள். வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள், மூன்றாவது மெயில் வேண்டாம். நேர்முகம் வரைக்கும் போய் விடுபட்டவர்களுக்குப் பதில் கிடைக்கிற அளவுக்கு, கடிதத்தோடு விடுபட்டவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் முகம் கண்டவருக்கு எழுத மனம் வரும், இருநூறு கடிதத்தில் ஒன்றுக்கு எழுத அவ்வளவாக வராது.

இன்னொன்று, இது எங்கள் ஊருக்கே உரியது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கந்தோரை எடுத்தாலும் அங்கே சித்தப்பாவோடு படித்த ஒருவர் இருப்பார். வீட்டில் கட்டாயம் சொல்வார்கள், "அவரிட்ட கேட்டால் உள்விசயம் தெரியும்தானே" என்று. வேண்டாம். தெரிவுக்குழுவில் கதைத்ததை வெளியில் சொல்லக்கூடாது என்ற பொறுப்பு அவருக்கு இருக்கிறது. சொன்னாலும் உங்களுக்கு வருவது மூன்று வாய் தாண்டி வந்த கதையாக இருக்கும், அதை நம்பிக் கடிதத்தைத் திருத்த முடியாது. அதைவிட, பின்கதவால் தட்டினவர் என்ற பெயர் அந்தக் கந்தோரில் கன காலம் நிற்கும்.

இது தனியாருக்கு. அரச வேலை என்றால் பாதை வேறு, அங்கே தகுதிக்கும் நேர்முகத்துக்கும் புள்ளித் திட்டம் இருக்கும். உங்களுக்குக் கிடைத்த புள்ளியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம், அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் கிடைப்பது எண்தான். கடிதத்தில் எந்த வரி பிழை என்று அந்த எண் சொல்லாது.

இனிப் பதில் வந்தால் என்ன செய்வது? வருகிற பதில்களில் கனக்க வெறும் மரியாதை வசனங்கள். 'உங்களைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரிகள் இருந்தார்கள்' என்று வந்தால் அதைப் பிரித்துப் பிரித்து யோசிக்க வேண்டாம், அதற்குள் ஒன்றும் இல்லை, நன்றி சொல்லிவிட்டு மூடி வையுங்கள். பயன்படுவது ஒரு பொருளைத் தொட்டுச் சொல்கிற பதில். அப்படி ஒன்று எப்படி இருக்கும், அதை என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன்.

மல்லாகத்துப் பக்கம் ஒரு கட்டடப் பொருள் கடையில் மூன்று வருடம் களஞ்சியத்தைப் பார்த்தவர். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்குப் போட்டார், கிடைக்கவில்லை. மேலே சொன்ன மாதிரி ஒரு மெயில் எழுதிக் கேட்டார். நாலு நாளில் பதில் வந்தது: "மூன்று வருட அனுபவம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் என்ன பொருட்கள், எவ்வளவு, பதிவு எப்படி வைத்தீர்கள் என்பது தெரியவில்லை. அத்துடன் மாதாந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய ஒருவரைத் தேடினோம்."

தம்பி போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, புத்தகம் முழுக்க நான்தானே வைச்சிருந்தனான்! இதுக்கு ஒரு பதில் எழுத வேணும்" என்றார். எழுதவில்லை, நான் விடவில்லை. திரும்பப் போனது இரண்டு வரி மட்டும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, இரண்டும் எனக்கு உதவும். அதில் 'ஆனால்' என்ற சொல் வந்திருந்தால் அவர் இனி யாருக்கும் பதில் எழுத மாட்டார்.

ஆனால் அந்தக் கோபம் நல்ல கோபம். பதிலை வாசித்ததும் வாயில் என்ன வருகிறது என்று பாருங்கள். "அதை நான் செய்தனான்தானே" என்று வந்தால், உங்களிடம் இருக்கிறது, கடிதத்தில் இல்லை. அதைக் கடிதத்தில் திருத்தலாம். வாய் பேசாமல் நின்றால், உண்மையிலேயே இல்லை. அதைக் கடிதத்தால் மூட முடியாது. இந்தத் தம்பியின் பதிலில் முதல் வரிக்குக் கோபம் வந்தது, ஆங்கில அறிக்கைக்குச் சத்தமே இல்லை. இரண்டும் இரண்டு வகை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாக வேலை செய்யக்கூடியவன். களஞ்சிய வேலையில் மூன்று வருட அனுபவம் உண்டு." இந்த இரண்டு வசனத்தையும் களஞ்சியத்துக்குள் காலே வைக்காத ஒருவரும் எழுதலாம். தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எத்தனை வகைச் சாமான்? அறுநூறு வரும் என்றார். எதில் எழுதினீர்? ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை, வந்தது, போனது, மீதி. எண்ணிப் பார்த்ததா? மாதக் கடைசி ஞாயிறு, கடை பூட்டினதும். எப்போதாவது கணக்குப் பிழைத்ததா? அங்கேதான் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு முறை அட்டையில் இருந்ததைவிட நாற்பது பை சீமெந்து குறைவாக இருந்ததாம், முதலாளி களவு போய்விட்டது என்று கத்தினாராம், இவர் இரண்டு நாள் சீட்டுக்களைக் கிளறி, ஒரு லொறிக்கு வந்த பற்றுச்சீட்டு இரண்டு தடவை பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். மூன்று வருடத்தில் ஒரு ஆளைக் காட்டுகிற கதை இது, அது கடிதத்தில் இல்லை. 'நேர்மையானவன்' என்ற சொல்தான் இருந்தது.

புதுக் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வந்தது: "ஒரு கட்டடப் பொருள் கடையின் களஞ்சியத்தை 3 வருடம் தனியாகப் பொறுப்பேற்றிருந்தேன். ஏறத்தாழ 600 வகைப் பொருட்களுக்குத் தனித்தனி அட்டையில் வரவு, வெளியீடு, மீதி பதிந்து, ஒவ்வொரு மாத முடிவிலும் எண்ணி ஒப்பிட்டேன். ஒரு தடவை 40 பை சீமெந்து குறைந்தபோது, ஒரே பற்றுச்சீட்டு இரு தடவை பதியப்பட்டிருந்ததைக் கண்டறிந்து கணக்கைச் சரிசெய்தேன்." பழையதைவிடப் பெரிய நீளம் இல்லை, உழைப்பாளி, நேர்மை எல்லாவற்றையும் தூக்கியதால் இடம் கிடைத்தது.

ஆங்கிலத்துக்கு வருவோம். 'ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி' என்று ஒரு வரி போட்டால் போதுமே என்று அவருக்கு ஆசை. நேர்முகத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் என்ன செய்வீர் என்று கேட்டேன், விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக முதலாளியிடம் கேட்டு, மாத முடிவுக் கணக்கை ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார், முதல் தாளை அயலில் இருக்கிற ரீச்சர் சிவப்பால் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் கடிதத்தில் ஒரு வரி சேர்ந்தது: மாத இருப்பு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகி வருகிறேன், மாதிரி ஒன்று இணைத்துள்ளேன். விலைகளையும் வாடிக்கையாளர் பெயர்களையும் மறைத்துவிட்டுத்தான் இணைத்தது, அதை மறக்கக்கூடாது, மற்றவருடைய கணக்கை அப்படியே அனுப்புகிற ஆளிடம் யாரும் களஞ்சியத் திறப்பைக் கொடுக்க மாட்டார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அந்தத் தம்பியும் அதில் விழப் பார்த்தார். அடுத்ததாக அவர் கண்ட விளம்பரம் உணவுப் பொருள் மொத்த வியாபாரக் கம்பனி ஒன்றினுடையது. திருத்திய கடிதத்தை அப்படியே அனுப்ப வெளிக்கிட்டார். தொண்டு நிறுவனம் சொன்ன குறைக்குத் திருத்தின கடிதம் அது, புதுக் கம்பனி கேட்டது வேறு. அவர்களின் விளம்பரத்தில் காலாவதித் திகதியைக் கவனிப்பது என்று தனியாக ஒரு வரி இருந்தது. சீமெந்தைக் கனகாலம் வைத்தால் ஈரம் பிடித்துப் பலம் குறையும், அதனால் பலகைக்கு மேல் சுவரில் முட்டாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் வெளியே விட்டுக்கொண்டுதான் அவர் மூன்று வருடமும் வேலை செய்தவர், அது அவருக்கு அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் சொல்லவே தோன்றவில்லை. நாற்பது பைக் கதை ஒரு வரியாகச் சுருங்கியது, முதலில் வந்தது முதலில் போகும் என்பது முன்னுக்கு வந்தது. அனுபவம் அதேதான், எதை முன்னால் வைப்பது என்பதை விளம்பரம் தீர்மானித்தது.

அங்கே நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. திரும்பவும் அதே மாதிரி ஒரு வரி கேட்டார், வந்த பதிலில் அனுபவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. ரீச்சரிடம் இப்போது கிழமையில் இரண்டு நாள் போகிறார்.

ஒருவர் சொன்ன ஒரு குறையை வைத்துக் கடிதம் முழுவதையும் உடைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். சின்னத் திருத்தம் என்றால் உடனே செய்யுங்கள். கடிதத்தின் போக்கையே மாற்றச் சொல்கிற பதில் என்றால், உங்களைத் தெரியாத ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து, அரை நிமிடத்தில் திருப்பி வாங்கி, "நான் என்ன வேலை செய்தனான்?" என்று கேளுங்கள். அவரும் தடுமாறினால் கம்பனி சொன்னது சரி.

உங்கள் கடிதத்தையும் பார்த்தேன், அனுப்பியதற்கு நன்றி. பதில் வரும் வரைக்கும் ஒரு ஊகம் சொல்கிறேன், பதில் வேறாக இருந்தால் அதையே நம்புங்கள். 'கணக்காய்வில் இரண்டு வருட அனுபவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறவர் மற்றவர் எழுதிய புத்தகத்தைச் சரிபார்க்கிறவர், அந்தக் கம்பனி தேடியது நாளாந்தம் புத்தகத்தை எழுதுகிற ஒருவரை. அந்த இடைவெளியை அவர்கள் கண்டிருக்கக் கூடும். ஆனால் சிறு வாடிக்கையாளர்களுக்கு நீங்களே பற்றுச்சீட்டுக் கட்டிலிருந்து கணக்கை எழுதிக் கொடுத்திருப்பீர்கள், வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுச் செய்திருப்பீர்கள், ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்பியிருப்பீர்கள், இங்கே இருக்கிற சின்ன நிறுவனங்களில் அது நடக்காமல் இருக்காது. எத்தனை வாடிக்கையாளர், எந்த மென்பொருள், எந்த மாதம் வரைக்கும் நிலுவையில் கிடந்த கணக்கை முடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கம்பனியின் பதில் வந்ததும் அதையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது வரியாக ஏறும், எதை இனித்தான் பழக வேண்டும் என்று உங்களுக்கே விளங்கும். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், கம்பனியின் பெயரை மறைத்துவிட்டு.